எடுத்த வரி எது, எழுதிய வரி எது?



நம் சபைப் பிள்ளைகளில் ஏ-லெவலுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தவர்கள் பனிரெண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுகளில் ஒரு பெரிய புராஜெக்ட் செய்கிறார்கள். மென்பொருள் வேலையில் இருக்கும் எங்களிடம் அவர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி நிரல் எழுதுவதைப் பற்றியது அல்ல. "இணையத்தில் கண்ட ஒரு ஃபங்ஷனை எடுத்து மாற்றிப் போட்டிருக்கிறேன். எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதினால், இது உன் சொந்த வேலை இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட மாட்டார்களா?" என்பதுதான் அந்தக் கேள்வி. பயம் நியாயமானதுதான். ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. மூலத்தைச் சொல்வதால் மதிப்பெண் போவது அரிது. எல்லையைச் சரியாகக் காட்டாமல் சொல்வதாலும், சொல்லாமலே விடுவதாலும்தான் போகிறது. அந்த எல்லையை எப்படிப் போடுவது என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்து இந்த இதழில் பார்ப்போம்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் பல பள்ளிகள் பின்பற்றும் ஏ.கியூ.ஏ. வாரியத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்தப் புராஜெக்டுக்கு மொத்தம் 75 மதிப்பெண். ஏ-லெவல் முடிவில் இது ஐந்தில் ஒரு பங்கு. அந்த 75 பிரிகிற விதத்தைப் பிள்ளைகள் பலர் கவனிப்பதில்லை. சிக்கலை ஆராய்ந்து எழுதுவதற்கு 9, வடிவமைப்புக்கு 12, நிரலுக்கு 42, சோதனைக்கு 8, முடிவில் மதிப்பிடுவதற்கு 4. நிரலுக்கான 42-இலும், வேலை எவ்வளவு முழுமையாக முடிந்திருக்கிறது என்பதற்கு 15, எப்படிப்பட்ட நுட்பங்களைக் கையாண்டிருக்கிறீர்கள் என்பதற்கு 27.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, "எத்தனை வரி சொந்தமாக எழுதினாய்" என்று எண்ணிப் போடும் மதிப்பெண் எங்குமே இல்லை. இரண்டாவது, இரவல் வாங்கிய ஒரு சிறு ஃபங்ஷன் தொடக்கூடியது அந்த 27-இன் ஒரு சிறு மூலையை மட்டும்தான். புராஜெக்டின் கடினமான பகுதி உங்களுடையதாக இருந்தால், அந்தச் சிறு மூலையை "இது வெளியிலிருந்து வந்தது" என்று விட்டுக்கொடுப்பதில் நஷ்டம் மிகக் குறைவு.

ஒரு புராஜெக்டைப் பார்ப்போம்

ஒரு மாணவி இப்படியொரு புராஜெக்ட் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு ஆராதனைக்குக் கார் இல்லாத முதியவர்கள் பதினைந்து பேர் வரவேண்டும். கார் ஓட்டுபவர்கள் ஆறு பேர். யார் யாரை ஏற்றிவந்தால் எல்லோருக்கும் சுற்று குறையும் என்று நிரல் சொல்லவேண்டும். ஒருவருக்குச் சக்கர நாற்காலி வைக்க இடம் வேண்டும். இன்னொருவர் மனைவியைப் பிரிந்து வேறு காரில் ஏறமாட்டார். இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்குள் ஆட்களைக் கார்களுக்குப் பங்கிடுவதுதான் இந்தப் புராஜெக்டின் இதயம்.

அதற்கு முன், இரண்டு வீடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தெரியவேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களிலிருந்து தூரத்தைக் கணிக்க ஹாவர்சைன் என்ற பழைய சூத்திரம் ஒன்று உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் அது பைதானில் எழுதியே கிடைக்கிறது. அவள் அதை எடுத்து, கிலோமீட்டரை மைலாக்கி, தன் நிரலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறாள். இப்போது அவள் நிரலில் அந்தப் பகுதி இப்படி இருக்கவேண்டும்:

```python
# --- ADAPTED CODE: START ---
# Source: page title, user name of the author
# URL: full address of that one answer
# Downloaded: 14 November 2025
# Licence: CC BY-SA 4.0
# From source: the haversine calculation
# My changes: takes two Stop objects; miles, not km;
#   returns None if a stop has no coordinates
def distance_miles(a, b):
    if a.lat is None or b.lat is None:
        return None
    lat1, lon1, lat2, lon2 = map(
        radians, [a.lat, a.lon, b.lat, b.lon])
    h = (sin((lat2 - lat1) / 2) ** 2
         + cos(lat1) * cos(lat2)
         * sin((lon2 - lon1) / 2) ** 2)
    return 2 * 3958.8 * asin(sqrt(h))
# --- ADAPTED CODE: END ---
```

இந்தக் குறிப்பில் முதல் நான்கு வரிகளை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணைக் காப்பாற்றுவது அடுத்த இரண்டும்தான். `From source` என்ற வரி எது வந்தது என்று சொல்கிறது. `My changes` என்ற வரி எது உங்களுடையது என்று சொல்கிறது. ஆசிரியர் இதைப் படிக்கும்போது, சூத்திரம் வெளியிலிருந்து வந்தது, ஆனால் முகவரி கிடைக்காத வீட்டுக்கு நிரல் உடைந்துபோகாமல் பார்த்துக்கொண்டது இந்த மாணவி என்று அவருக்கு உடனே தெரிகிறது. அந்த இரண்டாவது வரி இல்லையென்றால் ஃபங்ஷன் முழுவதும் இரவல் என்றே அவர் எடுத்துக்கொள்வார். அவரைக் குறைசொல்ல முடியாது.

தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் இரண்டு வரிகளும் அதேபோல முக்கியம். கோப்பின் தலையில் "இதில் சில பகுதிகள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டவை" என்று ஒரே வரி எழுதி வைக்கும் பிள்ளைகள் உண்டு. அது பணிவாகத் தோன்றும். உண்மையில் அதுதான் மிகவும் நஷ்டம் தரும் குறிப்பு. கோப்பில் இருநூறு வரி இருந்து அதில் பத்து வரிதான் இரவல் என்றாலும், எந்தப் பத்து என்று ஆசிரியருக்குத் தெரியாது. நீங்கள் இரவு கண்விழித்து எழுதிய பங்கீட்டுப் பகுதியும் சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறது. எல்லையை இறுக்கமாகப் போட்டால் இரவல் பத்து வரியோடு நிற்கும். எல்லையே போடாவிட்டால் அது கோப்பு முழுவதும் பரவும்.

அறிக்கையில் மூலப்பட்டியல்

நிரலுக்குள் கமெண்ட் எழுதினால் போதாது. புராஜெக்ட் அறிக்கையின் கடைசியில் உள்ள மூலப்பட்டியலிலும் அது வரவேண்டும். இங்கிலாந்தின் தேர்வு வாரியங்களுக்குப் பொதுவான விதிகளை வகுக்கும் ஜே.சி.கியூ. அமைப்பு இதில் தெளிவாக இருக்கிறது. இணையத்திலிருந்து எடுத்ததற்குத் துல்லியமான பக்க முகவரியும், இறக்கிய தேதியும் வேண்டும். தேடுபொறியின் பெயரைப் போட்டால் செல்லாது. பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கலாம்:

```
[3] User name. "Title of the page". Name of the site.
    Full address. Downloaded 14 November 2025.
    Used in: routes.py, distance_miles()
```

கடைசியில் உள்ள `Used in` வரியை விதி கேட்கவில்லை. ஆனால் அது இருந்தால் அறிக்கையிலிருந்து நிரலுக்கும் நிரலிலிருந்து அறிக்கைக்கும் ஆசிரியர் எளிதாகப் போய்வரலாம்.

துல்லியமான முகவரியை எடுப்பதற்குச் சில சிறு வழிகள் உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரே கேள்விக்குப் பத்துப் பதினைந்து பதில்கள் இருக்கும். மேலே உலாவியில் தெரியும் முகவரி பெரும்பாலும் கேள்விக்குரியது. ஒவ்வொரு பதிலின் கீழும் உள்ள `Share` என்பதை அழுத்தினால் அந்தப் பதிலுக்கே உரிய முகவரி கிடைக்கும். உரிமம் எது என்பதும் அங்கேயே தெரியும். கிட்ஹபில் உள்ள கோப்பு நாளைக்கே மாறிவிடலாம். அந்தப் பக்கத்தில் இருக்கும்போது விசைப்பலகையில் `y` என்ற எழுத்தை அழுத்தினால், இன்றுள்ள வடிவத்துக்கான நிலையான முகவரியாக அது மாறும். காணொளியைப் பார்த்து எழுதியிருந்தால் எத்தனையாவது நிமிடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உரிமத்தைப் பற்றி ஒரு சொல். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2018 மே 2 முதல் எழுதப்பட்டவை `CC BY-SA 4.0` என்ற உரிமத்தில் வருகின்றன. எழுதியவரின் பெயரைச் சொல்லவேண்டும், நாம் மாற்றியிருந்தால் மாற்றினோம் என்றும் சொல்லவேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் சேர்ந்தது. ஆகவே மேலே காட்டிய குறிப்பு பள்ளியின் விதியோடு எழுதியவரின் நிபந்தனையையும் நிறைவேற்றுகிறது.

இரவல் வரியிலிருந்தும் மதிப்பெண் வரும்

எடுத்த ஃபங்ஷனைச் சுற்றி நீங்கள் செய்யும் வேலைக்கு மதிப்பெண் உண்டு. அதைப் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

வடிவமைப்புப் பகுதியில் ஒரு பத்தி எழுதலாம். சாலை வழியான தூரத்தை விட்டு ஏன் நேர்கோட்டுத் தூரத்தை எடுத்தேன்? ஹாவர்சைன் பறவை பறக்கும் தூரத்தைத்தான் தரும். இடையில் ஒரு நதியோ ரயில் பாதையோ இருந்தால் கார் சுற்றிப் போகவேண்டியிருக்கும். ஆனாலும் ஒரே நகரத்துக்குள் யாரை யாருடன் சேர்ப்பது என்ற முதல் கணிப்புக்கு இது போதும், இணையச் சேவை எதையும் நம்பியிருக்கத் தேவையில்லை என்று காரணம் சொல்லலாம். இந்தத் தீர்மானம் உங்களுடையது. அதே குறையை மதிப்பீட்டுப் பகுதியில் மறுபடியும் எடுத்து, ஓட்டுநர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதலாம்.

சோதனைப் பகுதியில் இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிறர் எழுதிய வரி என்பதால் அதை நம்பிவிடாமல் நீங்களே சோதியுங்கள். ஒரே தீர்க்கரேகையில், அட்சரேகை 51.0 என்றும் 52.0 என்றும் இரண்டு இடங்களைக் கொடுத்தால் விடை ஏறக்குறைய 69.1 மைல் வரவேண்டும். ஒரே இடத்தை இரண்டு முறை கொடுத்தால் 0 வரவேண்டும். எண் இல்லாத வீட்டுக்கு `None` வரவேண்டும்.

முதல் சோதனையில் 69.1-க்குப் பதிலாக 3958.8 வந்தால் பயப்படவேண்டாம். பாகைகளை `radians` கொண்டு ரேடியனாக மாற்றும் படி நகலெடுக்கும்போது முழுவதுமாக விடுபட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஒரு பாகை என்று கொடுத்ததை நிரல் ஒரு ரேடியன் என்று எடுத்துக்கொள்கிறது. பூமியின் மையத்தில் ஒரு ரேடியன் திரும்பினால் கடக்கும் தூரம் பூமியின் ஆரமே. அதனால்தான் நிரலில் உள்ள அதே 3958.8 விடையாக வருகிறது. இந்த ஒரு சோதனையையும் அதன் விளக்கத்தையும் அட்டவணையில் வைத்தால், எடுத்ததை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

புரிந்திருக்கிறதா என்று உங்களையே சோதிக்கவும் இதே வழிதான். மூலப் பக்கத்தை மூடிவிடுங்கள். நிரலில் ஒரு எண்ணையோ ஒரு சொல்லையோ மாற்றினால் விடை என்னவாகும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். சொன்னது வந்தால் அந்த வரியை ஆசிரியர் முன்னால் விளக்க உங்களால் முடியும்.

எதற்கு வரம்பு?

ஒப்புக்கொண்டுவிட்டால் எதையும் எடுக்கலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் எடுத்துக்காட்டில் அந்த மாணவி தூரக் கணக்கைத் தானே எழுதி, பதினைந்து பேரை ஆறு கார்களுக்குப் பங்கிடும் பகுதியை கிட்ஹபிலிருந்து எடுத்திருந்தால் நிலைமை வேறு. மூலத்தை நேர்மையாகச் சொல்லியிருப்பதால் அவள்மேல் குற்றம் வராது. ஆனால் அந்த 27 மதிப்பெண் எதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறதோ, அது அவள் செய்தது அல்ல. பங்கீட்டை ஒரு ஆயத்த லைப்ரரியிடம் கொடுத்து விடையை மட்டும் வாங்கிக்கொண்டாலும் கதை அதேதான். ஆகவே எதையும் எடுக்குமுன் "என் புராஜெக்டின் இதயம் எது?" என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரிக்குள் வருவதைச் சொந்தமாக எழுதுங்கள். அதற்கு வெளியே இருப்பதை, குறிப்போடு, எடுக்கலாம்.

மறுபக்கத்தில், எல்லாவற்றுக்கும் குறிப்புப் போடவேண்டியதும் இல்லை. ஒரு லூப் எழுதுவது, ஒரு கோப்பைத் திறப்பது, வகுப்பில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது, இவை மொழியின் பொதுச்சொத்து. லைப்ரரியைப் பயன்படுத்தினால் அதன் பெயரையும் பதிப்பையும் அறிக்கையில் சொன்னால் போதும். ஆனால் வரிகளை எடுக்காமல் வழியை மட்டும் எங்கிருந்தாவது கற்று, நிரலை நீங்களே எழுதியிருந்தால், "யோசனை இங்கிருந்து, நிரல் என்னுடையது" என்று ஒரு வரி எழுதுவது நல்லது. அந்த வரி உங்களுக்குச் சாதகமானது.

பல்கலைக்கழகம் போனவர்களுக்கு விதி பாடத்துக்குப் பாடம் மாறும். ஹார்வர்டின் புகழ்பெற்ற `CS50` பாடத்தில், கொடுத்த கணக்கின் விடையாக இல்லாத சில வரிகளை வெளியிலிருந்து எடுத்து, மூலத்தைக் குறிப்பிட்டால் அது நியாயமானது என்று கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பாடத்தில் வெளி வரி ஒன்றுகூடக் கூடாது என்றிருக்கலாம். முதல் வாரத்திலேயே பாடக் கையேட்டைப் பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்?

"பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்களும் உண்டு. 1994-இல் அலெக்ஸ் எய்க்கன் என்ற பேராசிரியர் உருவாக்கிய `MOSS` என்ற கருவி இன்றும் பல பல்கலைக்கழகங்களில் பயன்படுகிறது. நிரல்களின் அமைப்பை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவது அதன் வேலை. மாறிகளின் பெயரையும் இடைவெளியையும் கமெண்ட்களையும் மாற்றுவதால் அதை ஏமாற்ற முடியாது. பள்ளியில் கருவிகூட வேண்டாம். இரண்டு வருடமாக உங்கள் நிரலைப் பார்த்துவரும் ஆசிரியருக்கு நடை மாறுவது தெரிந்துவிடும். ஒரு ஃபங்ஷனில் மட்டும் மாறிகளின் பெயர்கள் வேறு பாணியில், வகுப்பில் சொல்லித்தராத உத்தியோடு வந்தால், முதல் கேள்வி அங்கேதான் விழும்.

புராஜெக்டைக் கொடுக்கும்போது "இது என் சொந்த வேலை" என்று மாணவர் கையெழுத்திட வேண்டும். ஆசிரியரும் அதை உறுதிசெய்து கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்துக்கு முன் தவறு தெரிந்தால் பள்ளிக்குள்ளேயே சரிசெய்ய வழியுண்டு. கையெழுத்துக்குப் பின் தெரிந்தால் பள்ளி அதை வாரியத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அங்கே அந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லாமல் போகலாம், அதற்கு மேலும் போகலாம். ஆகவே குறிப்பு விட்டுப்போயிருப்பது இப்போது நினைவுக்கு வந்தால், கையெழுத்திடும் நாளுக்கு முன் ஆசிரியரிடம் போய்ச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சபையில் மென்பொருள் வேலை செய்யும் அண்ணன் அக்காமார் பலர் இருக்கிறோம். பிள்ளைக்கு உதவச் சொல்லி எங்களிடம் கேட்கத் தயங்கவேண்டாம். ஆனால் ஆசிரியர் அல்லாத ஒருவர் உதவினால் அதையும் பிள்ளை ஆசிரியரிடம் சொல்லவேண்டும் என்பது ஜே.சி.கியூ. விதி. ஒரு பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் உதவலாம். பிள்ளையின் விசைப்பலகையில் எங்கள் விரல் படக்கூடாது.

கடைசியாக ஒரு பழக்கம். குறிப்புகளைக் கடைசி வாரத்தில் எழுதலாம் என்று விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது, தேதியும் தெரியாது. வரிகளை ஒட்டுகிற அந்த நிமிடத்திலேயே, அவற்றை ஓட்டிப் பார்க்கும் முன், தொடக்க வரியையும் முகவரியையும் தேதியையும் மேலே போட்டுவிடுங்கள், முடிவு வரியைக் கீழே போடுங்கள். நீங்கள் மாற்ற மாற்ற `My changes` வரி நீளும். சமர்ப்பிக்கும் நாளில் அந்த வரிகளை எல்லாம் சேர்த்து அறிக்கையில் எழுதினால், உங்கள் சொந்த வேலை எது என்பதற்கான பட்டியல் தயாராக இருக்கும்.